டேலி சான்றிதழ் இருக்கிறது, கடைக்கணக்கு வருமா?

கடைக்கணக்கு எழுதிக் கொடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் டேலி சென்டர். ஓரளவு பெரிய எந்த ஊரிலும் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒன்றாவது இருக்கும். இரண்டு மூன்று மாத வகுப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு ஒரு கடை முதலாளியிடம் போனால் அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "இப்ப யார் யார் கடைக்குப் பாக்குறீங்க?" என்றுதான் கேட்பார். அதற்காகச் சான்றிதழ் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தத் தாள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் பணம் கட்டுவதுதான் வீண்.

ஒரே பெயரில் புழங்கினாலும் இந்தத் தாள்கள் ஒரே வகை அல்ல. முதலாவது, சென்டரே தன் லெட்டர்பேடில் அச்சடித்துத் தருவது. வகுப்புக்கு வந்தார், படித்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இரண்டாவது, மென்பொருள் நிறுவனத்தின் கல்விப் பிரிவு நடத்தும் தேர்வில் தேறினால் கிடைப்பது. டேலிக்கு டேலி எஜுகேஷன் என்ற பிரிவு இருக்கிறது. டேலி எசென்ஷியல், டேலி ப்ரொஃபஷனல் என்று அதன் படிப்புகளுக்குப் பெயர். சென்டர் வாசலில் டேலி என்று போர்டு இருப்பதால் மட்டும் அங்கே தரும் சான்றிதழ் இந்த இரண்டாம் வகை ஆகிவிடாது. சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது: "தேர்வை நடத்துவது யார்? சான்றிதழில் எண் இருக்குமா? அந்த எண்ணைப் போட்டு இன்னொருவர் சரிபார்க்க முடியுமா?"

மூன்றாவது, மென்பொருளோடு சம்பந்தமில்லாத பழைய தேர்வு ஒன்று. தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் வணிகவியல் தேர்வுகளில் தட்டச்சு, சுருக்கெழுத்தோடு கணக்கியலும் உண்டு, இளநிலை, முதுநிலை என்று. தட்டச்சுக்குக் கூட்டம் போகிறது, கணக்கியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளியில் வணிகவியல் படிக்காமல் நேராக டேலிக்கு வருகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். எது பற்று, எது வரவு, ஏன் என்று தெரியாதவருக்கு மென்பொருள் தப்பான கணக்கைத்தான் வேகமாகப் போட்டுக் கொடுக்கும்.

நான்காவது தாளை யாரும் சான்றிதழ் என்று விளம்பரப்படுத்துவதில்லை. ஆனால் சட்டம் உங்களுக்கு ஓர் உரிமையைத் தருவது அந்த ஒன்றில்தான். ஜிஎஸ்டி ப்ராக்டிஷனர் பதிவு என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு வருகிறேன்.

டேலியை ஏன் முன்னால் வைக்கிறோம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத்திடம் எழுதச் சொன்னதில் பிறந்தது அது. 1986இல் தொடங்கிய அந்த நிறுவனம் பெங்களூருவில் இருக்கிறது. சரக்கு விற்கிற, கடன் கொடுக்கிற கடைக்காரரின் கணக்குதான் அதன் அடிப்படை. ஆடிட்டர் ஆபீஸ்களில் கோப்பு கைமாறுவதும் பெரும்பாலும் டேலியில்தான். ஆனால் எல்லாக் கடையும் டேலி அல்ல. மருந்துக் கடையில் பேட்ச் எண், காலாவதி தேதி பார்த்தாக வேண்டும் என்பதால் மார்க் வைத்திருப்பார்கள். சில கடைகளில் பிஸி ஓடும், இளையவர்கள் நடத்தும் கடையில் ஜோஹோ புக்ஸ் இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று குவிக்புக்ஸ் சான்றிதழ் வாங்குகிறவர்களும் உண்டு. அது அமெரிக்காவில் தொழில் செய்கிறவருக்கு உதவும். அந்த நிறுவனம் 2023இல் இந்தியச் சேவையையே மூடிவிட்டது. நீங்கள் போகப் போகிற தெருவில் எது ஓடுகிறது என்று நாலு கடையில் கேட்டுவிட்டு அப்புறம் படிப்பைத் தேர்வு செய்யுங்கள்.

வகுப்பில் வராத தேதிகள்

வகுப்பில் நடப்பதற்கும் கடையில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை ஒரு சின்ன விஷயத்தில் காட்டலாம். டேலியை உரிமம் வாங்காமலே பழகிப் பார்க்கக் கல்விப் பயன்முறை என்று ஒன்று இருக்கிறது. எண்ட்ரி போடலாம், அறிக்கை எடுக்கலாம். ஆனால் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளை மட்டும்தான் அது ஏற்கும். பல சென்டர்களில் பிள்ளைகள் பழகுவது இதில்தான். விற்பனை ஒன்றாம் தேதி, கொள்முதல் ஒன்றாம் தேதி, சம்பளம் இரண்டாம் தேதி என்று எல்லாவற்றையும் அடித்து முடித்தால் இருப்புநிலைக் குறிப்பு சரியாக வந்து நிற்கும்.

கடையில் முப்பது நாளும் வியாபாரம் நடக்கிறது. 7ஆம் தேதி சரக்கு லாரிக்கு ரொக்கம் கொடுத்திருப்பார், 9ஆம் தேதிதான் அந்த வார விற்பனையைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார். இரண்டையும் அப்படியே ஏற்றினால் 7ஆம் தேதி மாலை ரொக்க இருப்பு மைனஸில் போகும். கல்லாவில் மைனஸ் பணம் இருக்க முடியாது. மைனஸ் வந்தால் ஒன்று, ஏதோ ஒரு விற்பனை எழுதப்படவில்லை, அல்லது முதலாளி வீட்டுப் பணத்தைப் போட்டிருக்கிறார், அல்லது தேதி தப்பு. மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் கணக்கு எழுதுகிறவரின் வேலை. மூன்றே தேதியில் பழகியவருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. வருமான வரி அதிகாரி ஒரு கணக்கைக் கையில் எடுத்தால் அவர் கண் போகும் இடங்களில் இதுவும் ஒன்று.

பழைய கணக்கு ஒன்றை யாராவது உங்களிடம் ஒப்படைத்தால், இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து `Difference in opening balances` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுத் தொடக்க இருப்புகளில் பற்றும் வரவும் சமமாகாதபோது அந்த வித்தியாசத்தை மென்பொருள் இந்தப் பெயரில் தனியாகக் காட்டும். எண்ட்ரி போடும்போது பற்றும் வரவும் சமமாக இல்லாவிட்டால் டேலி ஏற்காது. தொடக்க இருப்பைத் தப்பாகப் போட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளும். எனவே அந்த வரி இருந்தால் முந்தைய ஆண்டின் கணக்கு முழுமையாக வந்து சேரவில்லை என்று பொருள். அதைத் தீர்க்காமல் புதிய மாதத்து எண்ட்ரியை ஆரம்பிக்கக் கூடாது.

ஒரு கடையின் அக்டோபர் மாதம்

ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். சிமெண்டு, பெயிண்டு, பைப்பு, ஆணி எல்லாம் விற்கிறார்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாச் சரக்கும் 18 சதவீத வரி, எல்லாம் தமிழ்நாட்டுக்குள் வாங்கி விற்றது என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் வரி நீங்கலாக விற்பனை 6,00,000 ரூபாய். அதன் மேல் வசூலித்த வரி 1,08,000. கடைக்காரர் கொடுத்த கொள்முதல் பில் கட்டை ஏற்றினால் வரி நீங்கலாக 5,00,000 ரூபாய், அதற்குக் கொடுத்த வரி 90,000. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி பார்த்தால் 1,08,000த்தில் 90,000த்தைக் கழித்து 18,000 ரூபாய் கட்ட வேண்டும். டேலியில் ஜிஎஸ்டி அறிக்கையைத் திறந்தாலும் இதே தொகைதான் வரும். அரை மணி நேர வேலை.

இந்த 18,000 தப்பு. கொள்முதலுக்குக் கொடுத்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அந்தப் பில்லை விற்றவர் தன் ரிட்டர்னில் ஏற்றியிருக்க வேண்டும், அது உங்கள் கடையின் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் வந்திருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் சட்டத்திலேயே இது இருக்கிறது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடைக்கு இந்தப் பட்டியல் அடுத்த மாதம் 14ஆம் தேதி போர்ட்டலில் உருவாகும்.

நம் கடையின் பட்டியலில் இருந்த வரி 84,600 ரூபாய். புத்தகத்தில் 90,000. வித்தியாசம் 5,400தானே, பட்டியலில் உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம் என்று 84,600ஐக் கழித்தால் கட்ட வேண்டியது 23,400. பலர் இப்படித்தான் செய்கிறார்கள். போர்ட்டலே இந்தத் தொகையை ரிட்டர்னில் தானாக நிரப்பிக் கொடுத்துவிடுவதால், இதுதான் சரி என்றும் நம்புகிறார்கள். இதுவும் தப்பு. பில் பில்லாக ஒட்டிப் பார்த்தால்தான் ஏன் என்று தெரியும்.

டேலியில் 2பி கோப்பை இறக்கி ஏற்றினால், இரண்டு பக்கமும் உள்ளவை, புத்தகத்தில் மட்டும் உள்ளவை, போர்ட்டலில் மட்டும் உள்ளவை என்று அதுவே பிரித்துக் காட்டும். நம் கடைக்கு இப்படிப் பிரித்ததில் மூன்று விஷயங்கள் வெளியே வந்தன.

ஒரு பைப்பு வியாபாரியின் பில் இரண்டு பட்டியலிலும் ஒட்டாமல் நின்றது. புத்தகத்தில் பில் எண் 456, போர்ட்டலில் 546. தொகை 20,000, வரி 3,600, தேதியும் ஒன்றே. தட்டும்போது எண் மாறிவிட்டது. திருத்தினால் போதும், தொகையில் மாற்றம் இல்லை. இந்த வகைப் பிழைதான் அதிகம் வரும், பயப்பட வேண்டியதும் இதற்கு இல்லை.

அடுத்தது, புத்தகத்தில் இருந்து பட்டியலில் வராத பில். பெயிண்டு விற்ற சின்ன மொத்த வியாபாரி, 40,000 ரூபாய்ச் சரக்கு, வரி 7,200. போன் போட்டுக் கேட்டால் அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர் என்று தெரிகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கு அந்த வசதி உண்டு. அப்படிப்பட்டவர் விரும்பினால் மாதாமாதம் 13ஆம் தேதிக்குள் தன் பில்களை மட்டும் ஏற்றிவிடலாம். இவர் ஏற்றவில்லை. அக்டோபர் பில்லை ஜனவரி 13க்குள்தான் ஏற்றுவார். ஆகவே அந்த 7,200 டிசம்பர் மாதத்து 2பியில் வரும், ஜனவரியில் போடும் ரிட்டர்னில்தான் கழிக்க முடியும். பணம் போய்விடவில்லை, இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. அந்த வியாபாரி ஏற்றாமலே இருந்துவிட்டால்தான் உண்மையில் நட்டம். அதனால் வராத பில்களைத் தனி நோட்டில் குறித்து வைத்து ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் கடைக்காரரிடம், அவருக்குத் தர வேண்டிய பணத்தில் வரிப் பங்கை மட்டும் பில் ஏறும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பெயிண்டு வியாபாரி அடுத்த மாதமே ஏற்ற ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாவது, போர்ட்டலில் மட்டும் இருந்த பில். செல்போன் கடையிலிருந்து, 10,000 ரூபாய், வரி 1,800. கடைக்காரர் கொடுத்த கட்டில் அது இல்லை.

"அண்ணாச்சி, செல்போன் ஒண்ணு வாங்கியிருக்கீங்களே, கடைக்கா?"

"இல்லம்மா, பொண்ணு காலேஜ் சேந்துச்சுல்ல, அதுக்கு. நம்ம ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்தா வரி திரும்பி வரும்னாங்க."

வராது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதன் மேல் வரியைத் திரும்ப எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ரிட்டர்னில் தானாக நிரம்பி வரும் தொகையில் இந்த 1,800ம் சேர்ந்திருக்கும். கழிவுக்குத் தகுதியில்லாததைத் திருப்பிக் காட்டும் கட்டத்தில் அதை எழுதி நீக்க வேண்டும்.

இப்போது கணக்கு இப்படி: புத்தகத்தில் 90,000, வராத 7,200 போக 82,800. செல்போன் வரியைச் சேர்ப்பதில்லை. 1,08,000த்தில் 82,800ஐக் கழித்தால் கட்ட வேண்டியது 25,200 ரூபாய். ஒரே கடை, ஒரே மாதம். அவசரமாக அடித்தவருக்கு 18,000, போர்ட்டலை நம்பியவருக்கு 23,400, ஒட்டிப் பார்த்தவருக்கு 25,200. கூடக் கட்ட வைக்கிறீர்களே என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். தகுதியில்லாமல் எடுத்துப் பயன்படுத்திய வரியைப் பின்னால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டிவரும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு சொன்னால் பழி உங்கள் மேல்தான் விழும்.

வரி முடிந்தது, ரொக்கம் பாக்கி. மாதக் கடைசியில் புத்தகத்தில் ரொக்க இருப்பு 2,47,000 ரூபாய். கல்லாவில் எண்ணிப் பார்த்தால் 22,000. வித்தியாசம் 2,25,000. திருட்டா? இல்லை. பேங்கு ஸ்டேட்மெண்டை எடுத்தால் கியூஆர் கோடு வழியாக வந்த சில்லறை வசூல் மட்டும் 1,90,000. கடைக்காரர் தினசரி விற்பனையை மொத்தமாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், எண்ட்ரி போட்டவர் அவ்வளவையும் ரொக்க விற்பனையாக ஏற்றிவிட்டார். மீதி 35,000 வீட்டுச் செலவுக்கு அவ்வப்போது கல்லாவிலிருந்து எடுத்தது. அதற்கு எந்தச் சீட்டும் கிடையாது, கேட்டால்தான் சொல்வார். இரண்டையும் சேர்த்தால் 2,25,000 சரியாக வந்துவிடுகிறது. 1,90,000த்தை ரொக்கத்திலிருந்து பேங்குக்கு மாற்றி, 35,000த்தை முதலாளி எடுத்ததாக எழுதினால் கல்லாவும் புத்தகமும் ஒட்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஆண்டுக் கடைசியில் ரொக்க இருப்பு இருபது முப்பது லட்சம் என்று நிற்கும். கடன் கேட்டுப் போகும் பேங்கில், "இவ்வளவு ரொக்கம் கையில் இருக்கும்போது கடன் எதற்கு?" என்பார்கள்.

ஒரு சான்றிதழ் படிப்பு நல்லதா என்று பார்க்க இந்த அக்டோபர் மாதமே போதும். சேரும் முன் சென்டரில் கேளுங்கள்: ஒரு கடையின் முழு மாதத்துப் பில் கட்டைக் கொடுத்து, 2பியோடும் பேங்கு ஸ்டேட்மெண்டோடும் ஒட்டிப் பார்க்கச் சொல்லித் தருவீர்களா? மாதிரிக்கு ஒன்று காட்டுங்கள் என்று கேட்டால் காட்ட வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத வரி விகிதங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன. பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் வந்துவிட்டன. சிமெண்டு 28லிருந்து 18க்கு இறங்கியது அப்போதுதான். சென்டரின் பாடப் புத்தகத்தில் சிமெண்டுக்கு இன்னும் 28 என்று போட்டிருந்தால் அந்தப் படிப்பு எந்த ஆண்டில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

போர்டில் என்ன எழுதலாம்?

கணக்கு எழுதிக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. சான்றிதழ் இல்லாமலும் செய்யலாம். ஆனால் அடுத்தவரின் ஜிஎஸ்டி ரிட்டர்னை உங்கள் பெயரில், உங்கள் லாகினில் போட வேண்டுமானால் அதற்குத்தான் முன்னே சொன்ன ஜிஎஸ்டி ப்ராக்டிஷனர் பதிவு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 48ஆம் பிரிவும் 83ஆம் விதியும் இதைச் சொல்கின்றன. வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் இவற்றில் பட்டம் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். பி.காம். முடித்தவருக்கு இதற்கு டேலி சான்றிதழ் தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வரித் துறையில் குறிப்பிட்ட நிலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும், சிஏ, சிஎம்ஏ, சிஎஸ் இறுதித் தேர்வு தேறியவர்களுக்கும் தனி வழி உண்டு. போர்ட்டலில் பிசிடி-01 என்ற படிவத்தில் விண்ணப்பித்தால், அதிகாரி பார்த்து பிசிடி-02 என்ற பதிவுச் சான்றிதழ் தருவார். பதிவு பெற்ற பிறகு நாசின் என்ற தேசியக் கழகம் நடத்தும் தேர்வில் குறிப்பிட்ட காலத்துக்குள் தேற வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பி.ஏ. தமிழோ பி.எஸ்சி. இயற்பியலோ படித்தவர் என்ன செய்வது? டேலியில் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் இந்தப் பதிவு கிடைக்காது. கணக்கு எழுதும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, ரிட்டர்னைப் பதிவு பெற்ற ஒருவரிடம் கொடுக்கலாம். நிறையப் பேர் இப்படித்தான் ஓர் ஆடிட்டர் ஆபீஸோடு சேர்ந்து தொழில் செய்கிறார்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நடைமுறையில் நடப்பது வேறு. கடைக்காரரின் லாகினும் பாஸ்வேர்டும் கணக்கு எழுதுகிறவரிடம் இருக்கும். ஓடிபி வந்தால் போன் போட்டுக் கேட்டுப் போடுவார்கள். இன்னும் சிலர் வேலை சுலபமாகட்டும் என்று கடையின் பதிவிலேயே தங்கள் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுகிறார்கள். இது கடைக்காரருக்குக் கெடுதல். துறையிலிருந்து வரும் நோட்டீஸ் அவருக்குத் தெரியாமலே போகும், ஆள் மாற்ற நினைத்தால் அவர் கணக்கே அவர் கையில் இருக்காது. உங்களுக்கும் கெடுதல்தான். அவர் பெயரில் ஏதாவது தப்பு நடந்தால் ஓடிபி வந்த எண் உங்களுடையது. முறையான வழி இருக்கிறது: கடைக்காரர் தன் லாகினில் `Engage/Disengage GST Practitioner` என்ற இடத்தில் உங்களைச் சேர்க்க வேண்டும், நீங்கள் உங்கள் லாகினில் ஏற்க வேண்டும். அவர் நினைத்தால் அதே இடத்தில் உங்களை நீக்கவும் முடியும். நீங்கள் போட்டாலும் ரிட்டர்னில் உள்ளதற்குப் பொறுப்பு கடைக்காரருடையது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே போடும் முன் தொகைகளை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஜிஎஸ்டி பார்க்கிறவரை எல்லாம் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதைத் தடுக்க முடியாது. போர்டில் அப்படி எழுதிக்கொள்ளாதீர்கள். சார்ட்டர்டு அக்கவுண்டண்டாக இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி தண்டனைக்குரியது. வருமான வரிச் சட்டப்படி தணிக்கை தேவைப்படும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்த கடைக்கு, அந்தத் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமையும் அவருக்கு மட்டும்தான். உங்கள் போர்டில் கணக்கு எழுதும் நிலையம் என்று போடலாம், பதிவு இருந்தால் ஜிஎஸ்டி ப்ராக்டிஷனர் என்று பதிவு எண்ணோடு போடலாம். சான்றிதழ்களைச் சுவரில் மாட்டுங்கள்.

எத்தனை கடை?

புதிதாகத் தொடங்குகிறவர் கடைசியாக யோசிப்பது இதைத்தான், முதலில் யோசிக்க வேண்டியது இது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடைக்கு விற்பனைப் பட்டியல் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். 2பி 14ஆம் தேதி வரும். வரி கட்டும் 3பி ரிட்டர்ன் 20ஆம் தேதி. ஒட்டிப் பார்க்கும் வேலை முழுவதும் நடுவில் உள்ள ஆறு நாளில் நடக்க வேண்டும், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரலாம். பில் பில்லாகப் பார்த்து, வராதவர்களுக்குப் போன் போட்டு, கடைக்காரரிடம் கேட்டு முடிக்க ஆரம்பத்தில் ஒரு கடைக்கு அரை நாள் ஆகும் என்று வைத்தால் பன்னிரண்டு கடைதான் தாங்கும். அதற்கு மேல் எடுத்தால், போர்ட்டல் நிரப்பித் தருவதை அப்படியே அனுப்பும் கூட்டத்தில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் கடைகளுக்குத் தமிழ்நாட்டில் 3பி கடைசி நாள் 22. அப்படிப்பட்ட கடைகளைக் கலந்து எடுத்தால் மாத நெருக்கடி கொஞ்சம் குறையும், காலாண்டுக் கடைசியில் அதிகமாகும். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய் என்று தாமதக் கட்டணம் ஓடும். உங்கள் தாமதத்தால் வந்த கட்டணத்தைக் கடைக்காரர் உங்கள் சம்பளத்தில்தான் பிடிப்பார்.

கூலி பேசும்போது கடையின் விற்றுமுதலைப் பார்க்காதீர்கள், பில் எண்ணிக்கையைப் பாருங்கள். கோடி ரூபாய்க்குச் சிமெண்டு விற்கும் கடைக்கு மாதம் முப்பது கொள்முதல் பில் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு விற்கும் பேன்ஸி ஸ்டோருக்கு இருநூறு இருக்கும்.

பி.காம். பட்டம் கையில் இருந்தால் பிசிடி-01 விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள், டேலிப் படிப்பை அதற்கு இணையாக வைத்துக்கொள்ளலாம். பட்டம் இல்லையென்றால் கணக்கியல் இளநிலையும், மென்பொருள் நிறுவனமே தேர்வு வைக்கும் சான்றிதழ் ஒன்றும் போதும். மூன்றாவது, நான்காவது சான்றிதழுக்குக் கட்ட நினைத்த பணத்தை மிச்சம் பிடித்து, ஓர் ஆடிட்டர் ஆபீஸில் குறைந்த சம்பளத்துக்காவது ஓர் ஆண்டு உட்காருங்கள். கடைக்காரர் கேட்கும் "யார் யார் கடைக்குப் பாக்குறீங்க?" என்பதற்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்.